தாராளப் பிரபுக்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
ஒலிநூல் தயாரிப்புப் பிரிவு.

பொருள்: வாசிப்புக் குரல் கலைஞர் பணிக்கு விண்ணப்பம்.

மதிப்பிற்குரிய ஐயா,

முத்துக்குளித்துறை மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் ஒன்றை ஒலிநூலாக்கப் போவதாகவும், வீட்டிலேயே பதிவுக்கூடம் வைத்திருக்கும் குரல் கலைஞர் தேவை என்றும் தாங்கள் கொடுத்திருந்த அறிவிப்பைப் படித்தேன். படித்து முடித்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு மரியாதை வந்துவிட்டது. அறை கலைஞருடையது, மைக் கலைஞருடையது, கரண்டு பில் கலைஞருடையது, வெட்டி ஒட்டுவதும் பிழை பார்ப்பதும் கலைஞருடைய வேலை. புத்தகம் எழுத்தாளருடையது. மிச்சமிருக்கும் லாபம் என்னும் பெரும் பாரத்தை மட்டும் தாங்கள் ஒருவரே தோளில் சுமந்துகொள்ள முன்வந்திருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

நான் தூத்துக்குடிக்காரன். திரேஸ்புரம் பக்கம் வீடு. ஜவுளிக்கடை விளம்பர ஆட்டோவில் தொடங்கி, கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா என்று அறிவிப்புச் செய்து, பிறகு புத்தக வாசிப்புக்கு வந்தவன். என் கூடத்தைப் பற்றியும் மாதிரிப் பதிவைப் பற்றியும் விவரமாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன்.

முதலில் கூடம். ‘முற்றிலும் ஒலி புகாத அறை’ என்பது தங்கள் முதல் நிபந்தனை. திரேஸ்புரத்தில் அப்படி ஓர் அறையைக் கேட்கத் தோன்றுவதற்கே தனிக் கற்பனை வளம் வேண்டும். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரிகள் எங்கள் பக்கத்துச் சாலையில்தான் போகும். விடிவதற்கு முன்னாலேயே கரையில் வள்ளங்களின் இன்ஜின் உயிர்பெறும். பனிமய மாதா திருவிழா வந்துவிட்டால் ஆகஸ்ட் 5 வரை ஊரே ஒலிபெருக்கிதான். இதற்கு நடுவே, உள்ளறை மூலையில் மரச்சட்டம் அடித்து, மூன்று பக்கமும் இலவம்பஞ்சு மெத்தையைச் சாத்தி, மேலே கம்பளி விரித்து, கீழே ஜமுக்காளம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு கன்டென்சர் மைக், வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ‘ப’கரக் காற்றைத் தடுக்கும் வலை, பக்கத்தில் விசிறி இல்லாத ஒரு மடிக்கணினி.

மெத்தை வைத்தால் சத்தம் வராது என்று தங்கள் அறிவிப்பின் அடிக்குறிப்பில் ஆலோசனை சொல்லியிருந்தீர்கள். இலவசமாகக் கிடைத்த ஆலோசனை என்பதால் அதன் தரத்தைப் பேசுவது அழகல்ல. இருந்தாலும் தொழில்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மெத்தை குடிப்பது அறைக்குள் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை மட்டும்தான். வெளியே போகிற லாரியை அது நிறுத்தாது. லாரியின் உறுமல் தாழ்ந்த அதிர்வு; பஞ்சைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தரை வழியாகவே வந்து மைக் தண்டில் ஏறும். அதைத் தடுக்கக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். முட்டை அட்டை ஒட்டினாலும் இதே கதைதான். கனமான சுவர் கட்டும் செலவைத் தங்கள் நிறுவனத்தின் மேல் ஏற்றுவது பாவம் என்பதால், நான் செலவில்லாத ஒரு சுவரைக் கண்டுபிடித்திருக்கிறேன்: நள்ளிரவு. பதினொரு மணிக்கு மேல் நான்கு மணிக்குள். தங்களுக்கு வாடகைச் செலவு கிடையாது. என் தூக்கம் அதைக் கட்டிவிடுகிறது.

அமைதிக்கு ஓர் அளவு உண்டென்று தாங்கள் அறிவீர்கள். ஆடிபிள் போன்ற பெரிய தளங்கள் கேட்கும் அளவையே தாங்களும் கேட்டிருக்கிறீர்கள். கணினிப் பதிவில் பூஜ்யம்தான் உச்சி. அதற்குக் கீழே எல்லாமே மைனஸ். குரலின் சராசரி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில் இருக்க வேண்டும், எந்த உச்சமும் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது, யாரும் பேசாதபோது அறையின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்கு மேலே வரக் கூடாது. பன்னாட்டு நிறுவனங்களின் அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் விட்ட தங்கள் தனித்தன்மை மெச்சத்தக்கது.

என் அறையில் இந்த அளவை எப்படி எட்டினேன் என்று சொன்னால் என் கூடம் எப்படிப்பட்டது என்பது விளங்கும். முதல் பதிவில் குரல் மைனஸ் 32, இரைச்சல் மைனஸ் 64. மைனஸ் 60-ஐ விடக் கீழே இருக்கிறதே, தேறிவிட்டோம் என்று தோன்றும். தேறவில்லை. குரல் மைனஸ் 20-க்கு வர வேண்டுமானால் 12 டெசிபல் தூக்க வேண்டும். தூக்கினால் இரைச்சலும் கூடவே 12 ஏறி மைனஸ் 52-ல் வந்து உட்காரும். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். பதிவு செய்தபோது பார்த்த எண்ணை நம்பி, குரலை ஏற்றிய பிறகு திரும்ப அளக்காமல் அனுப்பிவிடுவார்கள்.

சரி என்று மைக்கை இரண்டு சாணிலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். அறையின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். இப்போது குரல் மைனஸ் 26. இன்னும் 6 தூக்கினால் போதும். இரைச்சல் மைனஸ் 58. இரண்டு டெசிபல் குறைகிறது. அந்த இரண்டு எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு ராத்திரி வீடு முழுக்க நடந்தேன். அடுக்களையில் ஃப்ரிட்ஜ். அதை அணைத்ததும் தூக்கிய பிறகும் மைனஸ் 61. தேறியது. அணைத்ததை மறந்து படுத்துவிட்டால் காலையில் சீலா மீன் கெட்டுப்போய் வீட்டில் பெரிய வழக்காகிவிடும். அதனால் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துவிடுவேன். காலையில் சாவி தேடும்போது சுவிட்சும் நினைவுக்கு வரும். தங்கள் நாவலில் இரண்டு டெசிபல் என்பது எங்கள் வீட்டு மீன் குழம்பு, ஐயா.

மின்விசிறியைச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் அணைந்தே இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்துகொண்டால் கன்டென்சர் மைக் பொரிகடலை வறுப்பதுபோல் படபடக்கும். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைக்கிறேன். கேபிள் முனைகளில் பச்சை பூக்கும், துடைக்க வேண்டும். வயிறு காலியாக இருந்தால் அது போடும் சத்தமும் பதிவாகும் என்பதால் பதிவுக்கு முன் ஒரு வாழைப்பழம். இந்தச் செலவை நான் தங்களிடம் கேட்கவில்லை.

‘இரைச்சல் இருந்தால் மென்பொருளில் நாய்ஸ் கேட் போட்டு நீக்கிவிடவும்’ என்று ஒரே வரியில் தாங்கள் சொல்லியிருப்பது என்னை மெய்சிலிர்க்க வைத்தது. அந்தக் கருவி செய்வது எளிமையானது: ஒலி ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் வாயிலைச் சாத்திவிடும். தமிழில் மிகவும் கீழே இறங்கும் ஒலி எது? சொல்லின் கடைசியில் நிற்கும் குற்றியலுகரம். ‘காற்று’ என்று வாசித்தால் அந்தக் கடைசி உகரம் வாசலில் அகப்பட்டு நசுங்கும். ‘வந்து’, ‘பாட்டு’, ‘கயிறு’ எல்லாமே வால் அறுந்து விழும். இரைச்சல் போய்விட்டதே என்று எண்ணைப் பார்த்து மகிழ்கிறவருக்குத் தெரியாது; ஹெட்போனில் வாக்கிய முடிவுகளை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் தெரியும். வாசிக்கிறவன் மூச்சு விடுவதும் நின்றுபோயிருக்கும்; சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அறையே இல்லாததுபோல் இருக்கும். குற்றியலுகரத்துக்குத் தொல்காப்பியர் ஓர் இயலையே ஒதுக்கிப் பாடுபட்டார். தாங்கள் ஒரு பொத்தானில் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்கள்.

இனி சம்பளம். ‘முடிந்த ஒரு மணி நேரத்துக்கு ரூ. 500’ என்ற தங்கள் வரியில் இருக்கும் அடக்கம் வியப்புக்குரியது. முடிந்த மணி நேரம் என்றால், எல்லாம் முடிந்து கேட்பவர் காதில் ஓடும் மணி நேரம். என் வாசிப்பில் ஒரு மணிக்கு ஏறக்குறைய ஆறாயிரம் சொல் போகும். அந்த ஒரு மணியை உண்டாக்க, பக்கங்களை முன்கூட்டிப் படித்துப் பேச்சும் பெயரும் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவுக்கு இரண்டு மணி. வாய்ச் சொடுக்கையும் தவறிய சொல்லையும் எடுத்து, இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு மூன்று மணி. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்க ஒருமுறை கேட்க ஒரு மணி. பிடிபட்ட பிழைகளைத் திரும்ப வாசித்து ஒட்டக் கொஞ்சம். ஆறு மணிக்குக் குறையாது. பிழை வந்த இடத்துக்குச் சில விநாடி முன்னிருந்து என் குரலையே கேட்டு, அதே மூச்சில் உள்ளே நுழைந்து தொடரும் பழக்கம் எனக்கு உண்டு; அதனால்தான் ஆறோடு நிற்கிறது. நாவல் பதினைந்து மணி ஓடும் என்று வைத்துக்கொண்டால் எனக்கு ரூ. 7,500, என் உழைப்பு தொண்ணூறு மணி. மணிக்கு 83 ரூபாய் சில்லறை. மின்விசிறி இல்லாமல்.

1906-ல் வ.உ.சி. இந்த ஊரில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, எதிர்த்து நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அவர்களுக்குத் தொழில் தெரியவில்லை. குடையைப் பயணியையே கொண்டுவரச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் கடற்கரைக்கு ‘முடிந்த மணி நேரம்’ போன்ற கணக்கு புதிதல்ல என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க முத்துக்குளிப்பில், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கியவர்களுக்குக் கூலி கிடையாது. கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை ஆயிரம் ஆயிரமாக, திறந்து பார்க்காமலே ஏலம் விடுவார்கள். அடியில் எவ்வளவு நேரம் இருந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதுவும் முடிந்த மணிக்கணக்குதான். ஆனால் அந்தப் பழைய கணக்கில் இரண்டு குறைகள் இருந்தன. தாங்கள் இரண்டையும் களைந்துவிட்டீர்கள். ஒன்று, மேலே கயிறு பிடிக்க ஓர் ஆள் இருந்தான். மைத்துனன்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலி அவன் கையில் இருப்பதால் அசட்டையாக இருக்கமாட்டானாம். தங்கள் ஏற்பாட்டில் பதிவைக் கேட்டுப் பிழை சொல்ல இன்னொரு ஆள் இல்லை. நானே குளித்து நானே கயிற்றையும் பிடிக்க வேண்டும். தன் பிழையைத் தன் காது மன்னித்துக்கொண்டே போகும் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். ‘கரை’ என்றிருப்பதைக் ‘கறை’ என்று வாசித்தவன், திரும்பக் கேட்கும்போதும் ‘கரை’ என்றே கேட்பான்.

இரண்டாவது குறை பங்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு செய்தி சொல்கிறார். முத்தெடுக்கும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார்கள். குளிப்பவர்களைப் பெரிய மீன்கள் கடிக்காமல் மந்திரம் சொல்லிக் கட்டிவைத்தவர்களுக்கு இருபதில் ஒன்று கொடுத்தார்கள். கடல்கட்டி என்று அவர்களுக்குப் பின்னாளில் பெயர். நீரில் இறங்கவில்லை, கல் கட்டவில்லை. வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். என் அறிவுக்கு எட்டியவரை இந்தக் கடற்கரையின் முதல் குரல் கலைஞர்கள் அவர்கள்தாம். நூற்றுக்கு ஐந்து, அதுவும் முத்தாக! அதோடு அவர்கள் ஒப்பந்தத்திலும் சூரர்கள். மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டும்தான் செல்லும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். நாளைக்கும் வேண்டுமானால் நாளைக்கும் அழைக்க வேண்டும்.

தங்கள் ஒப்பந்தப் படிவமோ இந்தச் சிறுபிள்ளைத்தனங்களைக் கடந்தது. விற்பனையில் பங்கு இல்லை என்று ஒரு வரி. பதிவின் மேல் எல்லா உரிமையும் ‘எக்காலத்துக்கும், உலகெங்கும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட’ தங்களுக்கே என்று இன்னொரு வரி. இன்னும் பிறக்காத ஊடகத்துக்கும் சேர்த்து இன்றைக்கே 83 ரூபாய் கொடுத்துவைக்கும் முன்யோசனை உலகில் எந்த வணிகனுக்கும் வந்ததில்லை. மார்க்கோ போலோ காலத்து வணிகர்கள் பாவம், ஒவ்வொரு நாளும் மந்திரவாதியைத் தேடிப்போய்க் கூப்பிட்டார்கள்.

மாதிரிப் பதிவுக்கு வருகிறேன். மூன்று துண்டு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். முகப்பு இசை இல்லை. கேட்பவர் குரலையும் அறையையும்தான் எடைபோடுவார். இசையைப் போட்டால் அறையை மறைக்கிறான் என்று நினைப்பார். பெயரைச் சொல்லிவிட்டு நேராக வாசிப்பு. நல்ல துண்டைக் கடைசிக்கு வைக்கவில்லை. யாரும் கடைசிவரை கேட்பதில்லை.

‘பிரபலமான நாவல் ஏதாவதிலிருந்து வாசித்து அனுப்பவும்’ என்று சொல்லியிருந்தீர்கள். பிறர் உரிமையைப் பற்றிக் கவலைப்படாத அந்த விசால மனம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. அதனால் முதல் துண்டு வ.உ.சி.யின் சுயசரிதையிலிருந்து. அவர் 1936-ல் மறைந்தார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு ஆனால் எழுத்து பொதுச்சொத்து. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவர் தம் வாழ்க்கையை அகவலில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் நின்றால் பள்ளிக்கூட ஒப்பிப்பாகிவிடும். நிற்காமல் ஓடினால் செய்தி அறிக்கையாகிவிடும். பொருள் முடியும் இடத்தில் மட்டும் மூச்சு விட்டு, அடி முடிவை ஒரு சிறு அழுத்தத்தால் காட்டிப் போக வேண்டும். வாசிக்கிறவன் புத்தகத்தைப் புரிந்துகொண்டு வாசிக்கிறானா, எழுத்துக்கூட்டுகிறானா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தங்கள் மதிப்பீட்டுத் தாளில் இதற்கு இடமில்லை. ‘உற்சாகம்: பத்துக்கு எத்தனை’ என்றுதான் இருக்கிறது. அகவலில் சிறைக் கொடுமையைச் சொல்லும் இடத்தில் உற்சாகத்தை எங்கே வைப்பது என்று தாங்களே வழிகாட்ட வேண்டும்.

இரண்டாவது துண்டு உரையாடல். நானே எழுதியது. ஒரு தோணியில் கிழட்டுத் தண்டலும் புதுப் பையனும். இரண்டு குரலுக்காக ஒன்றைத் தகர டப்பாவாகவும் ஒன்றைத் தவளையாகவும் மாற்றவில்லை. பதினைந்து மணி நேரம் அதைக் கேட்க யாராலும் ஆகாது, என் தொண்டையாலும் ஆகாது. தண்டல் பேசும்போது சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவார், காற்றைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவர் அவர். பையன் சொல்லின் கடைசியை விழுங்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவுவான். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ‘என்றார்’, ‘என்றான்’ இல்லாமலே யார் பேசுகிறார் என்று தெரியும்.

அதில் ஓர் இடம்:

“ஏல, சோழகம் எந்திரிச்சிட்டு. அணியத்துல நிக்காத, இங்கன வா.”

“வாரேன் மாமா, கயித்த மட்டும் கட்டிட்டு…”

“கயிறு கெடக்கட்டும்ல. வா.”

தங்கள் வழிகாட்டுதலின் நான்காம் பிரிவு, ‘வட்டார உச்சரிப்பின் சாயல் இல்லாத, எல்லோருக்கும் புரியும் பொதுத் தமிழில் வாசிக்க வேண்டும், தேவைப்பட்டால் உரையாடலை மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறது. கடற்கரை நாவலைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடற்கரையை மட்டும் வெளியே நிறுத்தும் இந்த நுண்ணுணர்வு சாமானியம் அல்ல. சாகித்திய அகாதெமி 2013-ல் ஜோ டி குருஸின் ‘கொற்கை’க்கு விருது கொடுத்தபோது இப்படி ஒரு வழி இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. தங்கள் முறைப்படியும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். “தம்பி, தென்திசையிலிருந்து காற்று வீசத் தொடங்கிவிட்டது. படகின் முன்பகுதியில் நிற்காதே, இங்கே வந்துவிடு.” தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தண்டல் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பையன் கடலில் விழுந்துவிட்டான்.

எல்லோருக்கும் புரிய வேண்டும் என்ற தங்கள் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சுப் புத்தகத்தில் புரியாத சொல்லுக்கு வாசகர் முன்னும் பின்னும் புரட்டலாம். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் இருந்தால் அங்கே போகலாம். பஸ்ஸில் போய்க்கொண்டே காதில் கேட்கிறவருக்குப் பட்டியல் கிடையாது. அங்கேதான் வாசிக்கிறவனுக்கு வேலை. ‘அணியம்’ என்ற சொல் முதன்முறை வரும் இடத்தில், அதற்கு முன் ஒரு நூலிழை நிறுத்தம், சொல்லின் முழு உச்சரிப்பு, பிறகு தண்டலின் குரலில் அவசரம். நிற்கக் கூடாத ஆபத்தான இடம் அது என்று யாருக்கும் விளங்கும். இரண்டாவது முறை வரும்போது அந்த நிறுத்தம் வேண்டாம். கொண்டல், கச்சான், வாடை, நீவாடு எல்லாவற்றையும் இப்படியே கேட்பவர் கையில் கொடுத்துவிடலாம். நாவலை முழுக்க முன்கூட்டிப் படித்தால்தான் எந்தச் சொல் எங்கே முதலில் வருகிறது என்று தெரியும். அந்தப் படிப்புக்குத் தாங்கள் ஒன்றும் தரவில்லை என்பதால் அதன் தூய்மை கெடாமல் இருக்கிறது.

மூன்றாவது துண்டு, முத்து வளர்ப்பைப் பற்றிய ஒரு சிறு கட்டுரை. எண்ணும் அறிவியல் பெயரும் நிறைந்த எழுத்தை நாக்கு தட்டாமல் வாசிப்பேன் என்று காட்டுவதற்காக. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. இவற்றோடு அரை நிமிடம் வெறும் அறையின் பதிவும் இருக்கிறது. அதில் ஒன்றும் கேட்காது. கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அனுப்புவது. மூன்று துண்டையும் அளந்து பார்த்துவிட்டேன், தங்கள் எண்களுக்குள் நிற்கின்றன.

இவ்வளவு அனுப்பிய பிறகும் என் மேல் தங்களுக்கு இருக்கும் அக்கறை குறையவில்லை. ‘மாதிரிப் பதிவு கிடைத்தது. சோதனை வாசிப்பாக இணைப்பிலுள்ள பக்கங்களை முழுமையாகப் பதிந்து, தொகுத்து அனுப்பவும். இதற்குக் கட்டணம் இல்லை’ என்று தங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இணைப்பில் நாவலின் 41-ஆம் பக்கம் முதல் 68-ஆம் பக்கம் வரை. வாசிக்கிறவனை எடைபோட இரண்டு மூன்று நிமிடம் போதும் என்று தொழிலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அவசரப் புத்தி தங்களுக்கு இல்லை. இருபத்தெட்டுப் பக்கம் என்றால் சுமார் ஆறாயிரம் சொல். அதாவது முடிந்த ஒரு மணி நேரம்.

என் நண்பர் ஒருவர் திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிறார். அவரும் விண்ணப்பித்திருக்கிறார். அவருக்கு 69 முதல் 96 வரை வந்திருக்கிறது. காயல்பட்டினத்து நண்பருக்கு 13 முதல் 40. முன்னுரை போக நாவல் 13-ஆம் பக்கம்தான் தொடங்குகிறது என்பதால் அவரிடம்தான் தொடக்கம். புத்தகம் 432-ஆம் பக்கத்தில் முடிகிறது. எங்களுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினைந்து பேர், ஆளுக்கு இருபத்தெட்டுப் பக்கம். சரியாக 420 வருகிறது. எண் தற்செயலாக அமைந்திருக்கும். தங்களைப் போன்றவர்கள் மேல் வேறு எண்ணம் வைக்க எங்களுக்கு மனம் வராது. பதினைந்து விண்ணப்பதாரரும் சோதனையை முடித்துவிட்டால், தேர்ந்தெடுக்கும் சிரமமே இல்லாமல் நாவல் தங்கள் கையில் முழுதாக இருக்கும். 7,500 ரூபாய்கூட மிச்சம்.

ஒரே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. பதினைந்து அறை, பதினைந்து மைக், பதினைந்து இரைச்சல். நாவலிலும் ஒரு தண்டல் வருகிறார். என் பகுதியில் அவர் தூத்துக்குடிக்காரராகப் பேசுவார். நண்பர் பகுதியில் திருச்செந்தூர்க்காரர் ஆகிவிடுவார். கேட்பவர்கள் குழம்புவார்கள் என்று பயந்தேன். நான்காம் பிரிவைத் திரும்பப் படித்த பிறகு பயம் தீர்ந்தது: எல்லோரும் ஒரே மாதிரி, எந்த ஊர்க்காரனாகவும் இல்லாமல் வாசித்துவிட்டால் ஒட்டு தெரியாது. அந்த விதி எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. தங்கள் தொலைநோக்கை நான் முதலில் மொழிப்பற்று என்று தவறாக எடைபோட்டுவிட்டேன்.

சோதனை வாசிப்பில் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் இத்துடன் அனுப்புகிறேன். மீதிக்கு, தொகுப்பு, பிழை பார்த்தல் உட்பட என் கட்டணத்தைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். விற்பனையில் இருபதில் ஒரு பங்கு என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். ஊர் வழக்கம், நானாக உண்டாக்கியதல்ல. உரிமை ஏழு ஆண்டுக்கு. பிறகு வேண்டுமானால் கூப்பிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
குரல் கலைஞன்,
திரேஸ்புரம், தூத்துக்குடி.

பி.கு.: 68-ஆம் பக்கத்தின் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. தண்டல் சுக்கானைப் பிடித்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினார் என்பது 69-ல் இருக்கிறது. அந்தப் பக்கம் வைத்திருக்கும் நண்பர் தம் கட்டணத் தாளைத் தனியாக அனுப்புவார்.